இறைத்த நீரும் ஒழுகிய நீரும்: பெல்டியர் குளிரூட்டியின் ஆற்றல் கணக்கு

நுழையும்முன்

விரலளவு தடிப்புகூட இல்லாத ஒரு சதுர வில்லை. அதில் இரண்டு கம்பிகள். மின்கலத்துடன் இணைத்தால் ஒரு முகம் பனிபோல் குளிர்கிறது, மறுமுகம் சுடுகிறது. உள்ளே அசையும் உறுப்பு எதுவும் இல்லை, ஓசையில்லை, வாயுவும் இல்லை. இத்துணை எளிய கருவி இருக்கும்போது, நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இன்னும் ஏன் கனத்த கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கிறது? இவ்வினாவுக்கு விடை, அவ்வில்லை வெளியேற்றும் வெப்பத்தில் இல்லை. வெளியேற்றிய பின் அதற்குள்ளேயே திரும்பி வரும் வெப்பத்தில் இருக்கிறது.

புயலுக்குப் பின் ஒரு பெட்டி

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. விளக்கின்றி இருப்பது துன்பம்தான், ஆயினும் பொறுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் இன்சுலின் செலுத்திக்கொள்ளும் ஒருவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோவது அவ்வாறு பொறுக்கக்கூடியதன்று. திறக்கப்படாத இன்சுலின் புட்டிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருத்தல் வேண்டும். அவை வெப்பத்தில் கிடந்தால் வீரியம் குறையும். உறைந்துபோனாலோ அறவே பயன்படா.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள செம்மங்குப்பத்தில், மேல்நிலை முதலாமாண்டு மாணவி ஒருத்தி தன் பாட்டியின் மருந்துக்காக ஒரு பெட்டி செய்ய முனைகிறாள் என்று கொள்வோம். பத்து லிட்டர் கொள்ளும் தெர்மாகோல் பெட்டி. அதன் சுவர் நான்கு சென்டிமீட்டர் தடிப்பு. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பெல்டியர் தொகுதி ஒன்று. சூடான முகத்தில் பொருத்தத் துடுப்புகள் கொண்ட ஓர் அலுமினியத் தகடு. அதன்மேல் ஒரு சிறு மின்விசிறி. மின்சாரத்துக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றும், கூரைமேல் 100 வாட் சூரியத் தகடு ஒன்றும். பெட்டி குளிருமா என்பது அவளது வினா அன்று. குளிரும் என்பதில் ஐயமில்லை. மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே வினா. இதற்கு விடை காண நாம் ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதியாக வேண்டும்.

முதற்கணக்கு: பெட்டிக்குள் நுழையும் வெப்பம்

குளிர்ச்சி என்பது தனியாக உண்டாக்கப்படும் பொருள் அன்று. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதே குளிரூட்டல். எனவே, எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மேற்சொன்ன பெட்டியின் சுவர், மூடி, இணைப்பிடுக்குகள் அனைத்தையும் சேர்த்து, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபட்டால் நொடிக்கு 0.4 ஜூல் வெப்பம், அதாவது 0.4 வாட், உள்ளே கசியும் என மதிப்பிடலாம். வெளியே 35 டிகிரி. உள்ளே 5 டிகிரி. வேறுபாடு 30 டிகிரி. ஆகவே கசிவு 0.4 × 30 = 12 வாட். பெட்டியை 5 டிகிரியிலேயே நிறுத்த வேண்டுமானால், ஒவ்வொரு நொடியும் 12 ஜூல் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் இத்தேவை சற்றுக் குறையும். நாம் கடுமையான நிலையையே கணக்கில் கொள்வோம்.

வில்லைக்குள் நடப்பது

பெல்டியர் தொகுதி நான்கு சென்டிமீட்டர் சதுரமுடையது. மேலும் கீழும் இரண்டு பீங்கான் தகடுகள். அவற்றுக்கிடையே ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் உயரமுள்ள 254 சிறு கால்கள் நிற்கின்றன. அவை பிஸ்மத் டெல்லுரைடு என்னும் குறைகடத்திச் சேர்மத்தால் ஆனவை. பாதிக் கால்கள் எதிர்மின் வகை. மீதிப் பாதி நேர்மின் வகை. வகைக்கொன்றாக 127 இணைகளாக அமைந்து, மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கால்களிலும் செல்லுமாறு அவை கோக்கப்பட்டுள்ளன. வெப்பமோ எல்லாக் கால்களிலும் ஒரே திசையில், குளிர் முகத்திலிருந்து சூடான முகத்துக்குச் செல்கிறது.

மின்னூட்டத் துகள் ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குள் நுழையும்போது அது சுமந்து செல்லும் ஆற்றலின் அளவு மாறுகிறது. குளிர் முகச் சந்தியில் துகளுக்குக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. அதனைச் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பமாக எடுத்துக்கொள்கிறது. சூடான முகச் சந்தியில் அதனை இறக்கி வைக்கிறது. இதுவே பெல்டியர் விளைவு. இவ்வாறு எடுக்கப்படும் வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் குளிர் முகமும் சூடான முகமும் இடம் மாறிவிடும். கம்பியை மாற்றி இணைத்த பெட்டி மருந்தைக் காக்காது, வேகவைக்கும்.

> தெரியுமா?
> சான் பெல்டியர் என்னும் பிரெஞ்சு நாட்டவர் 1834ஆம் ஆண்டு இவ்விளைவைக் கண்டறிந்தார். 1838ஆம் ஆண்டு எமில் லென்சு, பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் சந்தியில் ஒரு நீர்த்துளியை வைத்து மின்னோட்டம் செலுத்தி உறையச் செய்தார். திசையை மாற்றியதும் பனித்துளி உருகியது. உலோகங்களைக் கொண்டு இதற்குமேல் செல்ல இயலவில்லை. 1950களில் பிஸ்மத் டெல்லுரைடு பயன்பாட்டுக்கு வந்த பின்னரே பெல்டியர் குளிரூட்டி ஒரு கருவியாயிற்று.

இரண்டாம் கணக்கு: ஓட்டை வாளி

கிணற்றிலிருந்து ஓட்டை வாளியால் நீர் இறைப்பதை நினைத்துக்கொள்க. வாளி கிணற்றுக்குள் நிறைகிறது. மேலே வருவதற்குள் பெரும்பகுதி ஒழுகிக் கிணற்றுக்குள்ளேயே விழுகிறது. இறைப்பவரின் உழைப்பு முழு வாளிக்கும்; கிடைப்பதோ அடியில் எஞ்சிய நீர் மட்டுமே. பெல்டியர் தொகுதியில் இரண்டு ஓட்டைகள் உள்ளன.

முதல் ஓட்டை, ஜூல் வெப்பம். கால்களுக்கு மின்தடை உண்டு. மின்னோட்டம் செல்லும்போது அவை தாமே சூடாகின்றன. அவ்வெப்பம் இரு முகங்களுக்கும் சரிபாதியாகப் பிரிந்து செல்கிறது. எனவே ஒரு பாதி, நாம் குளிர்விக்க முயலும் முகத்துக்கே வந்து சேர்கிறது.

இரண்டாம் ஓட்டை, வெப்பக் கடத்தல். சூடான முகத்துக்கும் குளிர் முகத்துக்கும் இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டரே. வெப்பத்தை ஏற்றிச் சென்ற அதே கால்கள் வழியாக, வெப்பம் தன் இயல்புப்படி சூட்டிலிருந்து குளிரை நோக்கித் திரும்பி இறங்குகிறது.

இம்மூன்றையும் சேர்த்து எழுதினால் குளிர் முகத்தின் கணக்குக் கிடைக்கும்:

Q_c = αIT_c − ½I²R − KΔT

இங்கு Q_c என்பது பெட்டியிலிருந்து உண்மையாக வெளியேறும் வெப்பம், I மின்னோட்டம், T_c குளிர் முகத்தின் கெல்வின் வெப்பநிலை, ΔT இரு முகங்களின் வெப்பநிலை வேறுபாடு. α, R, K மூன்றும் தொகுதியின் இயல்புகள். α என்பது சீபெக் கெழு, R மின்தடை, K வெப்பங்கடத்தும் அளவு. தொகுதி உண்ணும் மின்திறனும், சூடான முகம் வெளியேற்றும் வெப்பமும் பின்வருமாறு:

P = αIΔT + I²R

Q_h = Q_c + P

இறுதிச் சமன்பாடு ஆற்றல் அழிவின்மை விதியே. பெட்டியிலிருந்து எடுத்த வெப்பமும், மின்கலம் தந்த ஆற்றலும் சேர்ந்தே சூடான முகத்தில் வெளிப்பட்டாக வேண்டும்.

எண்களில் காண்போம்

செம்மங்குப்பத்துப் பெட்டியிலுள்ள தொகுதிக்கு α = 0.05 வோல்ட்/கெல்வின், R = 2 ஓம், K = 0.5 வாட்/கெல்வின் எனக் கொள்வோம். இவ்வகைத் தொகுதிகளுக்கு இவை பொருத்தமான மதிப்புகளே.

பெட்டிக்குள் காற்று 5 டிகிரியில் இருக்க, அதனைவிடக் குளிர் முகம் தாழ்ந்திருந்தால்தான் வெப்பம் அதனிடம் வரும். ஆகவே குளிர் முகத்தை 0 டிகிரி, அதாவது 273 கெல்வின் என்று கொள்வோம். அதே காரணத்தால் சூடான முகம் வெளிக்காற்றைவிட உயர்ந்திருக்க வேண்டும். துடுப்பும் விசிறியும் நன்கு வேலை செய்தால் அது 47 டிகிரி, அதாவது 320 கெல்வினில் நிற்கும். இங்கே நின்று நோக்குக: நமக்குத் தேவைப்பட்ட வேறுபாடு 30 டிகிரி, வில்லை தாங்க வேண்டிய வேறுபாடோ 47 டிகிரி. இடையிலுள்ள 17 டிகிரி, வெப்பத்தை உள்ளே வாங்கவும் வெளியே தள்ளவும் கொடுத்த கூலி.

மின்னோட்டம் 3.5 ஆம்பியர் எனில்:

- பெல்டியர் விளைவால் ஏற்றப்பட்டது: 0.05 × 3.5 × 273 = 47.8 வாட்
- ஜூல் வெப்பத்தில் திரும்பிய பாதி: ½ × 3.5² × 2 = 12.3 வாட்
- கடத்தலால் திரும்பியது: 0.5 × 47 = 23.5 வாட்
- எஞ்சிய குளிர்ச்சி: 47.8 − 12.3 − 23.5 = 12 வாட்

கசிந்து வந்த 12 வாட்டும் வெளியேறுகிறது, கணக்கு நேராயிற்று. ஆனால் 12 வாட் பெறுவதற்கு 47.8 வாட்டை ஏற்ற வேண்டியதாயிற்று. நான்கில் மூன்று பங்கு ஒழுகிப் போயிற்று.

இதற்காகச் செலவான மின்திறன் 0.05 × 3.5 × 47 + 3.5² × 2 = 8.2 + 24.5 = 32.7 வாட். சூடான முகம் வெளியேற்றுவது 12 + 32.7 = 44.7 வாட்.

குளிரூட்டியின் தகுதியை அளக்கும் அளவுகோல் செயல்திறன் குணகம். அது, வெளியேற்றிய வெப்பத்தைச் செலவான மின்திறனால் வகுத்துப் பெறுவது. இங்கு 12 ÷ 32.7 = 0.37. ஒரு ரூபாய் கொடுத்து முப்பத்தேழு காசுக்குப் பொருள் வாங்குவது போன்றது இது. மின்விசிறியின் 3 வாட்டையும் சேர்த்தால் 0.34 ஆகக் குறையும்.

மின்னோட்டத்தைக் கூட்டினால் என்ன?

பெட்டி போதிய அளவு குளிராவிட்டால், மின்னோட்டத்தைக் கூட்டுவதே எவர்க்கும் முதலில் தோன்றும் வழி. 6 ஆம்பியர் செலுத்திப் பார்ப்போம். ஏற்றப்படும் வெப்பம் 81.9 வாட் ஆகிறது. ஆனால் ஜூல் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியாக வளர்வதால், திரும்பும் பாதி மட்டுமே 36 வாட். அதோடு நிற்பதில்லை. வெளியேற்ற வேண்டிய மொத்த வெப்பம் நூறு வாட்டுக்குமேல் போவதால், அதே துடுப்பு திணறுகிறது. சூடான முகம் ஏறத்தாழ 63 டிகிரிக்கு உயர்கிறது. முகங்களின் வேறுபாடு 63 டிகிரி ஆனதால் கடத்தல் 32 வாட்டை நெருங்குகிறது. எஞ்சுவது 14 வாட் அளவே.

செலவோ 91 வாட். மின்திறன் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று. குளிர்ச்சி 12 வாட்டிலிருந்து 14 வாட்டுக்குத்தான் நகர்ந்தது. இன்னும் கூட்டினால் குளிர்ச்சி குறையத் தொடங்கும். பெட்டி குளிராதபோது முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது சூடான பக்கத்துத் துடுப்பையே. அது வெளிக்காற்றைவிடப் பதினைந்து டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால், குறை வில்லையில் இல்லை. வெப்பத்தை வெளியேற்றும் வழியில் இருக்கிறது. விசிறி நின்றிருக்கலாம், துடுப்பில் தூசி அடைந்திருக்கலாம். மாறாக, பீங்கான் முகம் கொதித்தும் துடுப்பு குளிர்ந்தும் இருந்தால், இரண்டுக்கும் இடையே பூசிய வெப்பப் பசை காய்ந்து போயிருக்கிறது என்று அறிக.

நிறுத்தினாலும் ஒழுகும்

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி, போதிய குளிர் வந்ததும் தானே நின்று, பின்னர் ஓடும். பெல்டியர் பெட்டியிலும் அவ்வாறே செய்யலாம் என்று தோன்றும். மின்னோட்டம் நின்றதும் ஏற்றுதல் நிற்கிறது. ஆனால் கால்கள் அங்கேயே இருக்கின்றன. வெளித்துடுப்பையும் உள்தகட்டையும் இணைக்கும் வெப்பப் பாலமாக அவை மாறிவிடுகின்றன. நம் பெட்டியில் அப்பாலம் வழியாக மட்டும் ஏறத்தாழ 11 வாட் உள்ளே வரும். நான்கு சுவர்களும் மூடியும் சேர்ந்து விடுவது 12 வாட். நான்கு சென்டிமீட்டர் வில்லை தனியாக விடுவது 11 வாட்! எனவே பெல்டியர் பெட்டியை அடிக்கடி நிறுத்தி ஓட்டுவதைவிட, மின்னோட்டத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துத் தொடர்ந்து ஓட்டுவதே சிக்கனம்.

கம்ப்ரசர் எவ்வாறு வெல்கிறது?

கம்ப்ரசர் எனப்படும் அமுக்கியைக் கொண்ட பெட்டியில் வெப்பத்தைச் சுமப்பது எலக்ட்ரான் அன்று, குளிர்பதனப் பாய்மம். அது உள்ளிருக்கும் குழாயில் கொதித்து ஆவியாகிறது. ஆவியாவதற்கான உள்ளுறை வெப்பத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அமுக்கி அவ்வாவியை அழுத்திப் பின்புறக் குழாய்க்கு அனுப்ப, அங்கே வெப்பத்தை விட்டு நீர்மமாகிறது. பின்னர் மயிரிழை போன்ற நுண்குழாய் வழியாக மீண்டும் உள்ளே வருகிறது.

இங்கும் இழப்புகள் உண்டு. மோட்டார் சூடாகிறது, உராய்வு உண்டு, நுண்குழாயில் அழுத்தம் வீணாகிறது. ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. சூடான குழாய் பெட்டிக்கு வெளியே. குளிர்ந்த குழாய் பெட்டிக்கு உள்ளே. இடையே முழுச் சுவரும் நிற்கிறது. வெப்பம் ஏறிய வழியாகவே திரும்பி இறங்குவதற்கு அங்கே பாதையில்லை. சூடாகும் மோட்டாரும் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. அதன் வெப்பத்தில் பாதி உள்ளே வருவதில்லை. வாளியில் ஓட்டை சிறியது.

சிறு கம்ப்ரசர் பெட்டியின் செயல்திறன் குணகத்தைத் தாழ்வாகவே 1.2 என மதிப்பிடுவோம். 40 வாட் குளிர்ச்சி தரும் கம்ப்ரசர் ஓடும்போது 33 வாட் உண்ணும். பெல்டியர் தொகுதியும் 33 வாட்டே உண்டது. இரண்டின் மேலும் ஒரே எண் எழுதியிருக்கக் கண்டு, இரண்டும் ஒன்றென மயங்குவோர் பலர். கம்ப்ரசர் பெட்டிக்குத் தேவை 12 வாட்தானே. ஆகையால் அது பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓடினால் போதும். சராசரிச் செலவு 10 வாட். பெல்டியரோ பத்து நிமிடமும் ஓடியாக வேண்டும்.

பொருளின் எல்லை

கால்களை நீளமாக்கிக் கடத்தலைக் குறைக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. காலை இருமடங்கு நீளமாக்கினால் K பாதியாகும். ஆனால் R இருமடங்காகும். காலைத் தடிப்பாக்கினால் R குறையும், K உயரும். ஓர் ஓட்டையை அடைத்தால் மற்றது பெரிதாகிறது. R, K இரண்டின் பெருக்குத்தொகை மாறுவதே இல்லை. அது வடிவத்தைப் பொறுத்ததன்று, பொருளைப் பொறுத்தது. எனவே ஒரு தொகுதியின் தகுதியை α²/RK என்னும் ஒரே எண் காட்டுகிறது. இதனைத் தகுதி எண் என்பர். Z எனக் குறிப்பர்.

வேண்டுவது, மின்சாரத்தை நன்கு கடத்தி வெப்பத்தைக் கடத்தாத பொருள். செம்பு போன்ற உலோகங்களில் மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரான்களே வெப்பத்தையும் கடத்துவதால் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. அவற்றின் சீபெக் கெழுவும் மிகச் சிறியது. கண்ணாடி போன்றவை இரண்டையுமே கடத்துவதில்லை. பிஸ்மத் டெல்லுரைடு இடைநிலையில் நிற்கிறது. அதன் கனமான அணுக்களாலும், அதனுடன் கலக்கும் ஆன்டிமனி, செலீனியம் ஆகியவற்றாலும் படிக அதிர்வுகள் சிதறி வெப்பக் கடத்தல் குறைகிறது. எலக்ட்ரானின் வழி அந்த அளவு தடைபடுவதில்லை.

நம் தொகுதியில் Z-ஐயும் முகங்களின் சராசரிக் கெல்வின் வெப்பநிலையையும் பெருக்கினால் 0.74 வருகிறது. இத்தகுதிக்கு, 47 டிகிரி வேறுபாட்டில் எட்டக்கூடிய உச்சச் செயல்திறன் குணகமே 0.37தான். மாணவி பிழையேதும் செய்யவில்லை. அவள் பெற்றது அப்பொருளின் எல்லை. அதே நிலையில் 1.2 பெற வேண்டுமானால் அப்பெருக்குத்தொகை 2 அளவுக்கு உயர வேண்டும். அதாவது, பொருள் ஏறத்தாழ மூன்று மடங்கு சிறந்ததாக இருக்க வேண்டும்.

மின்கலத்தின் தீர்ப்பு

இப்போது தொடக்க வினாவுக்கு வருவோம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் 1200 வாட்-மணி ஆற்றல் கொண்டது. பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையுமாதலால் 600 வாட்-மணியே பயன்பாட்டுக்கு உரியது. 100 வாட் சூரியத் தகடு நல்ல வெயில் நாளில் 500 வாட்-மணி அளவு தரும். புயலுக்குப் பிந்தைய மேகமூட்டத்தில் அதுவும் கிடையாது.

| பெட்டி | சராசரி மின்திறன் | ஒரு நாள் தேவை | மின்கலம் தாங்கும் நேரம் |
|---|---|---|---|
| பெல்டியர், உள்ளே 5 டிகிரி | சுமார் 36 வாட் | சுமார் 860 வாட்-மணி | சுமார் 17 மணி |
| கம்ப்ரசர், உள்ளே 5 டிகிரி | 10 வாட் | 240 வாட்-மணி | 60 மணி |
| பெல்டியர், உள்ளே 25 டிகிரி | சுமார் 5 வாட் | சுமார் 120 வாட்-மணி | 120 மணி |

முதல் வரி கூறுவது தெளிவு. பெல்டியர் பெட்டி ஒரு நாள்கூடத் தாங்காது. நல்ல வெயிலிலும் சூரியத் தகடு ஈடுகட்டாது. கம்ப்ரசர் பெட்டியை வெயிலே இல்லாமலும் இரண்டரை நாள் காக்கலாம்.

மூன்றாம் வரி வியப்பளிக்கும். பெல்டியர் தொகுதி அதே தொகுதிதான்; மின்கலமும் அதுவே. உள்ளே வேண்டிய வெப்பநிலை மட்டும் 25 டிகிரி. சுவர்க் கசிவு 0.4 × 10 = 4 வாட்டாகக் குறைகிறது. குளிர் முகம் 23 டிகிரி, சூடான முகம் 37 டிகிரி. வேறுபாடு 14 டிகிரி மட்டுமே. மின்னோட்டம் 0.8 ஆம்பியர் போதும். ஏற்றியது 11.8 வாட், ஜூல் வழியாகத் திரும்பியது 0.6, கடத்தலால் திரும்பியது 7, எஞ்சியது 4.2 வாட். செலவு 1.8 வாட். செயல்திறன் குணகம் 2.3! இப்போது வில்லையைவிட விசிறியே மிகுதியாக உண்கிறது.

ஆகவே பெல்டியர் எங்கும் வீண் என்பது பிழை. வெப்பநிலை வேறுபாடு வளர வளர அதன் வாளி ஒழுகுகிறது; வேறுபாடு சிறிதானால் அது நன்றாகவே இறைக்கிறது. பெரும்பாலான இன்சுலின் வகைகளில், பயன்பாட்டுக்குத் திறந்த புட்டியை 25 டிகிரிக்கு மிகாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம்; கால அளவு வகைக்கு வகை மாறும்; உறையிலுள்ள குறிப்பே முடிவானது. எனவே திறந்த புட்டிக்குப் பெல்டியர் பெட்டி பொருந்தும். திறவாத இருப்புக்குக் கம்ப்ரசரோ பனிக்கட்டியோ வேண்டும். 12 வாட் கசிவை ஒரு நாள் முழுதும் ஈடுகட்ட ஏறத்தாழ 3 கிலோ பனிக்கட்டி உருகினால் போதும்; மருந்து மட்டும் பனிக்கட்டியை நேரே தொட்டு உறைந்துவிடாமல் காத்தல் வேண்டும். பெல்டியர் பெட்டியின் குளிர் முகத்தில் புட்டியைச் சாய்த்து வைக்கலாகாது என்பதும் இதனாலேயே.

கடற்கரை ஊருக்கு உரிய மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. ஈரக்காற்று குளிர் முகத்தில் நீராய்ப் படியும். உப்பு கலந்த அந்நீர் கால்களின் பற்றவைப்பை அரிக்கும். வில்லையின் விளிம்பைச் சுற்றிலும் சிலிக்கோன் பசையால் அடைத்த பின்னரே பொருத்துதல் வேண்டும்.

> தெரிந்து தெளிவோம்
> 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றைக் கண்டறிய உதவிய பி.சி.ஆர். கருவிகளில் மாதிரிகளைச் சூடாக்கியும் குளிர்வித்தும் மாறி மாறி இயக்குவது பெல்டியர் தொகுதியே. மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் ஒரே வில்லை அடுப்பாகவும் குளிரூட்டியாகவும் ஆகும். அங்கே தேவைப்படுவது மின்சிக்கனம் அன்று, விரைவும் துல்லியமும்.

கருவியின் தரம் கருவிக்குள் மட்டும் இல்லை. அதனிடம் நாம் கேட்பதிலும் இருக்கிறது. 47 டிகிரி கேட்டபோது முப்பத்தேழு காசு தந்த வில்லை, 14 டிகிரி கேட்டபோது இரண்டு ரூபாய்க்குமேல் தந்தது. மின்கலம் வாங்குவதற்குமுன் அம்மாணவி எழுத வேண்டியது இவ்வொரு பக்கக் கணக்கே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதைக் காலையிலும் நண்பகலிலும் குறித்து, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதுக.
2. ஒரு தெர்மாகோல் பெட்டியில் ஒரு கிலோ பனிக்கட்டி முழுதும் உருக ஆகும் நேரத்தை அளந்து, அப்பெட்டியின் வெப்பக் கசிவை வாட் அளவில் கணக்கிடுக. (ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும்.)

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. பெல்டியர் தொகுதியில் மின்னோட்டம் இருமடங்கானால் ஜூல் வெப்பம்
அ) மாறாது ஆ) இருமடங்காகும் இ) நான்கு மடங்காகும் ஈ) பாதியாகும்

*குறுவினா*

2. பெட்டிக்கு வேண்டிய வேறுபாடு 30 டிகிரியாக இருக்க, வில்லை ஏன் 47 டிகிரி வேறுபாட்டைத் தாங்க வேண்டியதாயிற்று?
3. பெல்டியர் பெட்டியின் துடுப்பு குளிர்ந்தும் பீங்கான் முகம் கொதித்தும் இருப்பின், குறை எங்குள்ளது?

*சிறுவினா*

4. கால்களின் வடிவத்தை மாற்றுவதால் தொகுதியின் தகுதி எண் உயராமைக்குக் காரணம் கூறுக.
5. ஒரு தொகுதி 25 வாட் மின்திறன் கொண்டு 10 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதன் செயல்திறன் குணகத்தையும் சூடான முகம் வெளிவிடும் வெப்பத்தையும் காண்க.

*நெடுவினா*

6. 'பெல்டியர் தொகுதி ஓட்டை வாளி. ஆயினும் ஆழமில்லாக் கிணற்றுக்கு அதுவும் போதும்.' இக்கூற்றைப் பாடத்திலுள்ள கணக்குகளின் துணைகொண்டு விளக்குக.